கான்டனீஸில் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்து எப்படி அமைகிறது?

கேள்வி: கான்டனீஸ் கற்க ஆரம்பித்திருக்கிறேன். ஸ்டிராபெர்ரிக்கு 士多啤梨 என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக அகராதியில் பார்த்தால் 'கற்றவர், நிறைய, பீர், பேரிக்காய்' என்று வருகிறது. ஒலிக்காக எழுதியது என்று புரிகிறது. ஆனால் எந்த எழுத்து என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? அகராதியில் இருக்கும் தொனியில் வாசித்தால் ஏன் தப்பு என்கிறார்கள்?

பதில்:

இந்தச் சொற்களில் எழுத்து பின்னால் வந்தது. சொல் முதலில் காது வழியாக நுழைந்து வாயில் பழகிவிடும். அதற்கென்று ஒரு கான்டனீஸ் உருவமும் தொனியும் அமைந்துவிடும். பிறகு யாரோ ஒருவர் கடைப் பலகையிலோ மெனுவிலோ அதை எழுத வேண்டி வரும்போது, ஏறக்குறைய அந்த ஒலி வரும் எழுத்தை எடுத்துப் போடுகிறார். வாசிப்பவருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்பதால் 'ஏறக்குறைய' போதும். எழுத்தைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வரும், சரியான தொனியை அவரே போட்டுக்கொள்வார். வெளியிலிருந்து கற்றுக்கொள்பவர் எதிர்த்திசையில் வருகிறார். அவரிடம் எழுத்துதான் முதலில் இருக்கிறது, அதனால் இடறுகிறார்.

காது முந்தியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1757 முதல் 1842 வரை மேலை நாட்டுக் கப்பல்கள் சீனாவில் வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே துறைமுகம் குவாங்சோ, அதாவது பழைய கான்டன். அப்புறம் ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்குப் போனது. தரகர்கள், சமையல்காரர்கள், கூலியாட்கள் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கேட்டுப் பழகினார்கள். ஆங்கிலம் கற்றுத்தர வந்த கையேடுகளும் ஆங்கில ஒலியைச் சீன எழுத்தில்தான் குறித்துக் காட்டின. 1862இல் டாங் டிங்சூ என்ற வணிகர் குவாங்சோவில் அச்சிட்ட பெரிய ஆங்கிலப் பாடநூலிலும் ஒலிக்குறிப்பு கான்டனீஸ் வாசிப்பில்தான். இந்தப் பழக்கம் பாடநூலுக்கு வெளியே, தெருவிலும் கடையிலும் வேரூன்றியதன் விளைவைத்தான் நீங்கள் மெனுவில் பார்க்கிறீர்கள்.

தொனிகளை எண்ணால் குறிக்கிறேன், கான்டனீஸ் ஒலியை ரோமன் எழுத்தில் காட்டும் யூட்பிங் முறை அகராதிகளில் இருப்பது போலவே. 1 என்றால் உயரத்தில் சமமாக நிற்பது. 2 மேல்நோக்கி ஏறுவது. 3 நடுவில் சமம். 4 கீழே இறங்குவது. 5 கீழிருந்து சற்றே ஏறுவது. 6 தாழ்வில் சமம்.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கான்டனீஸ் அசையின் கடைசியில் ப், ட், க், ம், ன், ங் ஆகிய மெய்கள்தான் நிற்க முடியும். ஸ் நிற்காது. நாம் பேச்சில் 'பஸ்ஸு' என்று ஓர் உகரம் சேர்ப்பது போல அவர்கள் இகரம் சேர்த்து அதைத் தனி அசையாக்கிவிடுகிறார்கள்: பா, ஸி. அடுத்தது தொனி. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை கான்டனீஸ் காதுக்கு உயரமாகக் கேட்கிறது, ஆகவே அதற்கு 1. கடைசியில் ஒட்டிக்கொண்ட அழுத்தமில்லாத அசைக்குப் பெரும்பாலும் 2. கான்டனீஸிலேயே புழங்கு சொற்களின் கடைசி அசை 2ஆம் தொனிக்கு ஏறும் பழக்கம் உண்டு. மீனுக்கான யூ4 பல மீன் பெயர்களின் கடைசியில் வரும்போது யூ2 ஆவது அப்படித்தான். அந்தப் பழக்கமும் சேர்ந்து, வாயில் முடிவான உருவம் பா1 ஸி2.

இப்போது எழுத்து. பா1 சுலபம். 巴 என்ற எழுத்தின் வாசிப்பு அதுவேதான், வெளிநாட்டுப் பெயர்களை எழுதிப் பழகிய எழுத்தும் கூட. ஸி2தான் சிக்கல். அந்த ஒலியும் அந்தத் தொனியும் அப்படியே பொருந்தும் எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று 史, வரலாறு. இன்னொன்று 屎, மலம். பஸ்ஸின் நெற்றியில் இரண்டாவதை யாரும் எழுத மாட்டார்கள். முதலாவது கனமான சொல், வேறு எதையோ நினைவுபடுத்தும். கடைசியில் போட்டது 士. அதன் அகராதி வாசிப்பு ஸி6. தொனி பொருந்தவில்லை, ஆனால் மற்ற எல்லாம் பொருந்துகிறது: மூன்றே கோடு, கௌரவமான பொருள், இன்றைய பேச்சில் தனியாக நிற்காமல் கூட்டுச் சொல்லிலேயே வரும் எழுத்து. அதே ஒலியும் தொனியும் கொண்ட 是, 事 போன்றவை நிமிடத்துக்கு ஒரு முறை எழுதப்படுபவை. அவற்றை நடுவில் போட்டால் வாக்கியமே வேறாகப் படிக்கப்படும். என் கணிப்பில் தேர்வின் தர்க்கம் இதுதான். ஒலி நெருங்கி இருக்க வேண்டும், எழுத்து வேறு வேலையில் மும்முரமாக இருக்கக் கூடாது, பொருள் முகம் சுளிக்க வைக்கக் கூடாது. தொனி கடைசியில்தான் பார்க்கப்படுகிறது.

士 ஒரு முறை அமர்ந்ததும் அடுத்தடுத்த சொற்களுக்கும் அதுவே வந்தது. டோஸ்ட் 多士, டோ1 ஸி2. சீஸ் 芝士, ஜி1 ஸி2. டாக்ஸி 的士, டிக்1 ஸி2. டிப்ஸ் 貼士, டிப்1 ஸி2. பாஸ் 波士, போ1 ஸி2. எல்லாவற்றிலும் கடைசி 士 ஏறு தொனியில்தான் ஒலிக்கும்.

இதே 士 சொல்லின் தலையிலும் வரும். அங்கே அதற்கு அகராதித் தொனியே, ஸி6. கடைக்கான ஸ்டோர் 士多, ஸி6 டோ1. ஸ்பானர் 士巴拿, ஸி6 பா1 நா2. ஸ்பேர் 士啤, ஸி6 பே1. ஆங்கிலத்தில் ஸ்ட், ஸ்ப் என்று இரண்டு மெய்கள் சேர்ந்து தொடங்குவதைக் கான்டனீஸ் ஏற்காது, எனவே ஸ் தனி அசையாகிறது. ஆனால் அது அழுத்தம் இல்லாத வெறும் உரசல் ஒலி, ஆகவே தாழ் தொனி. 多士, 士多 இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். அதே இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது. ஒன்று டோ1 ஸி2, ரொட்டி. மற்றது ஸி6 டோ1, கடை. 士 எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் தொனியைச் சொல்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உச்சரிப்பில் பாதித் தவறு போய்விடும்.

இந்த 'ஸ்' தொடக்கச் சொற்களில் தமிழ்க் காது தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கான்டனீஸில் இரண்டு ட உண்டு. ஒன்று மூச்சுக்காற்றைத் தள்ளிக்கொண்டு வருவது, மற்றது காற்றில்லாமல் வருவது. ஆங்கிலேயர் 'டாப்' என்னும்போது காற்று தள்ளும், 'ஸ்டாப்' என்னும்போது தள்ளாது. வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதால் நமக்கு வேறுபாடு தட்டுப்படாது. கான்டனீஸ் காதுக்கு அவை இரண்டு வேறு மெய்கள். அதனால்தான் ஸ்டோரின் டோ காற்றில்லாத ட, ஸ்பானரின் பா காற்றில்லாத ப. ஸ் இல்லாத டை, டார்ட் போன்ற சொற்கள் காற்றுள்ள ட-வில் வருகின்றன. டாக்ஸியும் டோஸ்ட்டும் விதிவிலக்கு, ஸ் முன்னால் இல்லாமலே அவை காற்றில்லாத ட-வுடன் நிலைத்துவிட்டன. அதை விதியில் அடக்க முயலாமல் அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது.

சரி, உங்கள் ஸ்டிராபெர்ரி. தொடக்கத்தில் ஸ், ட், ர் என மூன்று மெய்கள். ஸ் தனி அசை, ஸி6. ட்-டோடு ஒட்டிய ர் விழுந்துவிட்டது, டோ1. பெர்ரியில் பே1. கடைசி ரி, லெய்2. கான்டனீஸில் ர இல்லை, உயிர்களுக்கு நடுவில் வரும் ர பொதுவாக ல ஆகும். எழுத்தைப் பொறுத்தவரை, ஸி6 டோ1 என்பதற்கு ஸ்டோருக்குப் பழகிய 士多 ஜோடி கையிலேயே இருக்கிறது. பே1 லெய்2 என்பதற்கும் ஒரு ஜோடி இருக்கிறது. மேல்நாட்டுப் பேரிக்காயைக் கான்டனீஸில் 啤梨 என்பார்கள். ஆங்கிலத்தின் 'பேர்' என்ற ஒலிக்கு 啤, அதன் பின்னால் பேரிக்காய் என்றே பொருள் தரும் 梨. அகராதியில் இந்த 梨 லெய்4, சொல்லின் கடைசியில் நிற்பதால் லெய்2 ஆகியிருக்கிறது. பழக்கடையில் 士多啤梨, 啤梨 இரண்டும் அடுத்தடுத்துத் தொங்கும். முதலாவது இரண்டாவதின் வகை என்று நினைத்துவிடாதீர்கள், எந்த உறவும் இல்லை. ஆனாலும் கடைசி எழுத்து பழத்தைக் குறிப்பது வாசிப்பவருக்கு உதவுகிறது, 'ஏதோ ஒரு பழம்' என்று தெரிந்துவிடுகிறது. ஒலிக்காக எடுத்த எழுத்தில் பொருளும் ஓரமாக வந்து நின்றால் அந்தத் தேர்வு நிலைத்துவிடும்.

ஒரே எழுத்தில் எத்தனை ஆங்கில ஒலிகள் வந்து குவியும் என்று பார்க்க 冧 நல்ல உதாரணம். வாசிப்பு லம்1. நம்பருக்கு 冧巴, பிளம் பழத்துக்கு 布冧, ரம் மதுவுக்கு 冧酒. ந, ல, ர மூன்றும் ஒரே ல-வில் போய் விழுந்திருக்கின்றன. எழுத்தை வைத்து மூலச் சொல்லைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல் போவது இதனால்தான். வழி ஒரு பக்கமாக மட்டும் திறந்திருக்கிறது.

அடுத்து, இடது பக்கத்தில் சின்னச் சதுரம் போட்ட எழுத்துகள். 啤, 啡, 咖, 喱, 呔, 嘜. அந்தச் சதுரம் 口, வாய். 'இதைப் பொருளுக்காகப் பார்க்காதே, பக்கத்தில் இருப்பதை ஒலித்துக்கொள்' என்ற குறிப்பு அது. வெறும் அலங்காரம் கிடையாது, தேவையிலிருந்து பிறந்தது. ஆங்கிலச் சொற்கள் கொண்டுவந்த சில அசைகளுக்குச் சீன எழுத்தில் இடமே இல்லை. பே, ஃபே போன்றவை அப்படி. மரபான எழுத்துகளில் பெய் உண்டு, ஃபெய் உண்டு, பே, ஃபே கிடையாது. பக்கத்தில் இருந்ததை எடுத்தார்கள். பெய்1 என்று வாசிக்கும் 卑 எழுத்தோடு 口 சேர்ந்த 啤 பே1 ஆனது, பீரிலும் பேரிக்காயிலும். ஃபெய்1 என்று வாசிக்கும் 非 எழுத்தோடு 口 சேர்ந்த 啡 ஃபே1 ஆனது, காஃபியில். இரண்டிலும் நடந்த நகர்வு ஒன்றுதான், 'எய்' போய் 'ஏ' வந்தது. 口 இல்லாமல் எழுதியிருந்தால் எல்லோரும் பழைய வாசிப்பிலேயே படித்திருப்பார்கள்.

நம் கறியும் இந்த வரிசையில் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல் கான்டனீஸில் 咖喱, கா3 லெய்1. இரண்டு எழுத்திலும் இடது பக்கம் 口. காஃபியின் முதல் எழுத்தும் இதே 咖, 咖啡, கா3 ஃபே1. மாண்டரினில் இந்த 咖 காஃபியில் ஒரு மாதிரியும் கறியில் வேறு மாதிரியும் ஒலிக்கும், கான்டனீஸில் இரண்டிலும் ஒன்றே.

ஆனால் 口 இருந்தாலே ஆங்கிலச் சொல் என்று முடிவு கட்ட வேண்டாம். 'இல்லை' என்பதற்கான 唔, 'உடைய' என்பதற்கான 嘅 எல்லாம் அசல் கான்டனீஸ். இலக்கியச் சீனத்தில் எழுத்து இல்லாத பேச்சுச் சொற்களுக்கும் இதே உத்தியைக் கையாண்டார்கள். மறுபக்கம், 口 இல்லாமலே ஒலிக்காக நிற்பவையும் நிறைய. பந்து 波, போ1, அகராதியில் அலை. டிக்கெட் 飛, ஃபெய்1, அகராதியில் பறப்பது, கட்டணத்துக்கான 'ஃபேர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 睇波 என்பதை 'அலை பார்ப்பது' என்று படித்தால் வாக்கியம் கவிதையாகிவிடும், ஆனால் சொன்னவர் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஓரசைச் சொற்கள்தான் கற்பவரை அதிகம் ஏமாற்றுகின்றன, பக்கத்தில் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

呔 கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய எழுத்து. 太 என்பதன் வாசிப்பு டாய்3. 口 சேர்த்து டாய்1 ஆக்கி, கழுத்தில் கட்டும் டை, வண்டியின் டயர் இரண்டுக்கும் அதையே வைத்தார்கள். ஆங்கிலத்தில் வேறாக ஒலிக்கும் இரண்டும் கான்டனீஸில் ஒரே அசைக்கு வந்துவிட்டதால் எழுத்தும் ஒன்றானது. ஸ்பேர் டயர் 士啤呔, மூன்று எழுத்தும் ஒலிக்கு மட்டுமே. தொப்பையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'போ டை'க்கு 煲呔, போவ்1 டாய்1. 煲 என்றால் சூப்பு காய்ச்சும் பானை, அல்லது காய்ச்சுதல். கழுத்துப் பட்டிக்கும் பானைக்கும் சம்பந்தமில்லை, ஒலி பொருந்தியது, எழுதிவிட்டார்கள். 2005 முதல் 2012 வரை ஹாங்காங்கின் தலைமை நிர்வாகியாக இருந்த டொனால்ட் ட்சாங் எப்போதும் போ டை கட்டியவர், ஊரே அவரை 煲呔 என்றே அழைத்தது. டயர் வெடிப்பது 爆呔, பாவ்3 டாய்1. பதவியில் இருப்பவரின் பட்டப்பெயர் இதற்கு இவ்வளவு அருகில் இருந்தால் எதிர்ப்பாளர்கள் விடுவார்களா? ஒலிக்காக எடுத்த எழுத்து காலப்போக்கில் பொருளோடு விளையாட ஆரம்பிப்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

எழுத்தே கிடைக்காதபோது புதிதாகச் செய்தார்கள். லிஃப்ட் அப்படி. கடைசியில் ஃப், ட் என்ற இரண்டு மெய்கள், இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. உதடு சேரும் ஃப் தனக்கு நெருங்கிய ப் ஆனது, ட் விழுந்தது, அழுத்தமுள்ள ஓரசை என்பதால் உயர் தொனி. லிப்1. இந்த ஒலிக்குப் பொருத்தமான எழுத்து இல்லை. லாப்6 என்று வாசிக்கும் 立 அருகில் இருந்தது, பொருள் 'நிற்பது'. இடப்பக்கம் 口-க்குப் பதிலாக வண்டி என்ற 車 சேர்த்தார்கள்: 𨋢. நின்றுகொண்டு போகும் வண்டி. ஒலிக்கும் பொருளுக்கும் சேர்த்துச் செய்த எழுத்து என்ற வகையில் இதை மிகச் சிறந்த ஒன்றாக நான் நினைக்கிறேன். லிஃப்ட்டில் ஏறுவது 搭𨋢, லிஃப்ட்டில் மாட்டிக்கொள்வது 困𨋢, செய்தித் தலைப்புகளில் அடிக்கடி வரும்.

கணினி வந்தபோது இந்த எழுத்து தெருவில் நின்றது. சீன எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுத்த பழைய பிக்5 குறியீட்டில் அது இல்லை. இணையத்தில் 車立 என்று இரண்டு எழுத்தாகப் பிரித்து அடித்தார்கள், அல்லது ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். ஹாங்காங் அரசு உள்ளூர்த் தேவைக்கான எழுத்துகளைத் தனியாகத் திரட்டி 1995இல் ஒரு தொகுதியும், 1999இல் 4,702 எழுத்துகளுடன் விரிவான தொகுதியும் வெளியிட்டது. அப்புறம் யூனிகோடிலும் இடம் கிடைத்தது, ஆனால் முதல் 65,536 இடங்களுக்கு வெளியே. அதன் குறி இது:

```
U+282E2
UTF-8: F0 A8 8B A2
```

வழக்கமான சீன எழுத்துக்கு மூன்று பைட் போதும், இதற்கு நான்கு. இதனால் பழைய மென்பொருள்களில் இன்றும் காலிப் பெட்டியாகத் தெரியலாம், உங்கள் திரையிலேயே அப்படித் தெரிந்தால் எழுத்துருவில் அது இல்லை என்று பொருள். அலுவல் எழுத்தில் லிஃப்ட் 升降機, 'ஏறி இறங்கும் இயந்திரம்'. கட்டடத்தின் பலகை ஒன்று சொல்லும், அதே கட்டடத்தில் எல்லோர் வாயும் வேறு சொல்லும்.

மாண்டரின் தெரிந்தவர்கள் இந்தச் சொற்களை மாண்டரினில் வாசித்துவிட்டு 'ஆங்கிலத்தோடு ஒட்டவே இல்லையே' என்பார்கள். எந்த ஊர் வாயில் உருவானதோ அந்த வாயில்தான் ஒட்டும். சால்மன் மீன் 三文魚 கான்டனீஸில் ஸாம்1 மன்4 யூ2. முதல் அசை ம்-இல் முடிகிறது, அந்த ஒலியை நம்பித்தான் 三 எடுக்கப்பட்டது. மாண்டரினில் அசை முடிவில் ம் இல்லாததால் அது 'ஸான்' ஆகி, சால்மன் எங்கோ போய்விடுகிறது. சோஃபாவில் இது தலைகீழ். மாண்டரினில் எழுதும் 沙發 ஷாங்காய் வாயில் உருவானது. கான்டனீஸில் வாசித்தால் ஸா1 ஃபாட்3, பொருந்தாது. அவர்கள் தங்களுக்கென்று 梳化 வைத்திருக்கிறார்கள், ஸோ1 ஃபா2, எழுத்துப்படி 'சீப்பு, மாற்றம்'.

டாக்ஸியின் கதை இன்னும் சுவாரசியம். 的 மாண்டரினில் 'உடைய' என்ற பொருளில் வரியெங்கும் வரும் எழுத்து. கான்டனீஸ் பேச்சில் அந்த வேலையை 嘅 செய்கிறது, ஆகவே 的 ஓய்வாக இருந்தது, டாக்ஸிக்குக் கொடுக்க முடிந்தது. அது பின்னர் வடக்கே போனபோது, மாண்டரின்காரர்கள் க் ஒலியை இழந்து 'தீ' என்ற உயர் தொனியில் வாசித்தார்கள், டாக்ஸி பிடிப்பதற்கு 打的 என்ற சொல்லையும் உண்டாக்கினார்கள். சிங்கப்பூரில் இதே வண்டிக்கு 德士 என்று வேறு எழுத்து. அங்கே வாழும் தமிழர்கள் இரண்டையும் பார்த்திருப்பார்கள்.

எல்லாச் சொல்லும் தங்குவதில்லை. இன்ஷூரன்ஸுக்கு 燕梳, யின்1 ஸோ1, எழுத்துப்படி சிட்டுப்போன்ற ஒரு பறவையும் சீப்பும். தபால் தலைக்கு 士擔. இரண்டும் வயதானவர்கள் பேச்சிலும் பழைய பலகைகளிலும் மட்டும். பொருள் சொல்லும் சீனச் சொற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. நேர்மாறாக, சில சொற்கள் வெட்டுப்பட்டு வேர்ச்சொல்லாகவே மாறிவிட்டன. 巴士-இன் 巴 மட்டும் தனியே வந்து மினிபஸ் 小巴 ஆனது. 'வண்டி' என்ற பொருள் அகராதியில் அந்த எழுத்துக்குக் கிடையாது, ஆனால் ஹாங்காங்கில் பிறந்த குழந்தைக்கு அதுதான் முதலில் தெரியும் பொருள்.

நடைமுறையில் உங்களுக்குச் சொல்வது: மாண்டரின் அகராதியை இந்தச் சொற்களுக்குத் திறக்காதீர்கள், எழுத்தெழுத்தாகவும் தேடாதீர்கள். யூட்பிங் தரும் கான்டனீஸ் அகராதியில் முழுச் சொல்லாகத் தேடுங்கள். அதில் மாறிய தொனியோடு ஸி2, லெய்2 என்று இருக்கும். புரியாத சொற்கோவை வந்தால், தலையிலோ வாலிலோ 士 இருக்கிறதா, இடது பக்கம் 口 உள்ளவை அடுத்தடுத்து வருகின்றனவா, எழுத்துகளின் பொருள் ஒன்றோடொன்று சேரவில்லையா என்று பாருங்கள். பிறகு பெரும்பாலான அசைகளை உயர் தொனியிலும் கடைசியை ஏறு தொனியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பல நேரம் ஆங்கிலச் சொல் தானே காதில் விழும்.

இப்போதெல்லாம் எழுத்து தேடும் வேலையே குறைந்துவிட்டது. ஆங்கிலம் படித்த தலைமுறை, 'செக் பண்ணிவிட்டேன்' என்பதை `check咗` என்று ரோமன் எழுத்தோடு கான்டனீஸ் விகுதி சேர்த்து எழுதிவிடுகிறது. 'ஓகேவா?' என்று கேட்க `O唔OK`. முதல் எழுத்தைப் பிரித்து நடுவில் 'இல்லை'யைச் செருகும் அசல் கான்டனீஸ் வினா அமைப்பு அது, இலக்கணம் அவர்களுடையதாகவே இருக்கிறது. சரக்கு ஏற்றும் வேன் `van仔`, வென்1 ஜை2. 'வென்' என்ற அந்த அசைக்கு மரபான எழுத்து கிடையாது. பே, ஃபே வந்த காலமாக இருந்தால் 口 சேர்த்து ஒன்றைச் செய்திருப்பார்கள். இதற்கு யாரும் செய்யவில்லை, கையில் ரோமன் எழுத்து இருந்தது.